பில்லில் 45 பெட்டி, லாரியில் 40

திருப்பூரில் பனியன் தைக்கும் யூனிட்டுகளில் கணக்கு மேசையின் மொழி தமிழ்தான். லாரி வந்து நின்றதும் கோடவுன்காரர் எண்ணிச் சொல்வது தமிழில். கணக்குப் பார்ப்பவர் நோட்டில் குறித்துக்கொள்வது தமிழில். முதலாளி கேள்வி கேட்பதும் தமிழில்தான். ஆனால் நூலும் ஜிப்பும் லேபிளும் அனுப்புகிற வெளிமாநில வியாபாரிக்கு ஒரு வரி எழுத வேண்டுமென்றால் அது ஆங்கிலத்தில் போக வேண்டும். அந்த இடத்தில்தான் பலருக்குக் கை நிற்கிறது. இந்த உரை எடுத்துக்கொள்வது அப்படிப்பட்ட ஒரே ஒரு கடிதத்தை: எண்ணிக்கையும் தவறு, வரியும் தவறு என்று வந்த பில்லைத் திருத்தித் தரச் சொல்லும் கடிதம்.

இந்தக் கடிதங்கள் பலன் தராமல் போவதற்கு ஆங்கில இலக்கணம் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சூரத்திலோ லூதியானாவிலோ உட்கார்ந்து அதைப் படிப்பவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். ஒருமை பன்மைப் பிழையை அவர் பொருட்படுத்துவதில்லை. கடிதம் எழுதும் முன்பே தீர்மானிக்க வேண்டிய மூன்று சங்கதிகள் தமிழ்க் குறிப்பிலேயே தீர்மானமாகாமல் இருக்கின்றன. உண்மையில் நடந்தது என்ன, வரியில் எவ்வளவு தவறு, வியாபாரியிடம் கேட்க வேண்டிய ஆவணம் எது. குறிப்பில் இல்லாத தெளிவு மொழிபெயர்ப்பில் வந்துவிடாது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பெயரில்லாத ஒரு யூனிட், பெயரில்லாத ஒரு வியாபாரி. புரிவதற்காக அமைத்துக்கொண்ட தொகைகள். ஆனால் வரி விகிதமும் சட்டமும் கடைசி நாட்களும் நடப்பில் உள்ளவையே.

திருப்பூர் யூனிட் ஒன்று சூரத் வியாபாரியிடம் பாலியஸ்டர் தையல் நூல் வாங்குகிறது. ஒரு பெட்டியில் 12 கோன். ஆர்டர் 40 பெட்டி, அதாவது 480 கோன். கோன் ஒன்று 90 ரூபாய். பில்லின் தேதி 12.11.2025. சரக்கு திருப்பூர் பார்சல் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது 17.11.2025. பில்லில் 45 பெட்டி, 540 கோன் என்று இருக்கிறது. அதற்கு மேல் 12 சதவீதம் ஐஜிஎஸ்டி. மொத்தம் 54,432 ரூபாய்.

கணக்குப் பார்க்கும் பெண் தன் நோட்டில் இப்படிக் குறிக்கிறார்: “நூல் பில் – 60 கோன் கம்மி. வரி 12 போட்டிருக்காங்க, 5 தான் வரும். பில்லை மாத்தித் தரச் சொல்லணும்.”

யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பே போதும். ஆனால் இதை வரிக்கு வரி ஆங்கிலமாக்கி அனுப்பினால் மூன்று வரியும் மூன்று விதமான தொல்லையைக் கொண்டுவரும்.

முதல் வரியைப் பார்ப்போம். “60 கோன் கம்மி” என்றால் பில்லோடு ஒப்பிடும்போது கம்மி என்று அவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அது 60 கோன் ‘ஷார்ட்’ என்று போகும். அதைப் படிக்கும் சூரத் கணக்கர், 45 பெட்டி அனுப்பினோம், வழியில் 5 பெட்டி காணாமல் போயிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். உடனே டிரான்ஸ்போர்ட்காரரிடம் விசாரிப்பார். அல்லது நல்ல மனதோடு விடுபட்ட 5 பெட்டியை அடுத்த லாரியில் ஏற்றிவிடுவார். பில் சரியாகிவிட்டது என்று அவர் கணக்கை முடிப்பார். இங்கே கேட்காத 60 கோன் நூல், ஒருவேளை வேண்டாத நிறத்தில், வந்து இறங்கும். வரியில் இருக்கும் தவறோ அப்படியே கிடக்கும்.

பில்லையும் சரக்கையும் மட்டும் ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் தீராது. மூன்றாவதாக ஆர்டரையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆர்டர் 40, வந்தது 40, பில் 45. இப்போது சரக்கில் குறை எதுவும் இல்லை, பில்தான் கூடுதல் என்று தெரிகிறது. இதை உறுதிசெய்ய நாலாவது சாட்சியும் கையில் இருக்கிறது. லாரி ரசீதில், அதாவது எல்.ஆரில், எத்தனை உருப்படி ஏற்றினார்கள் என்று டிரான்ஸ்போர்ட்காரர் எழுதியிருப்பார். அது வியாபாரியின் ஊரிலேயே, சரக்கை ஏற்றும்போதே எழுதப்பட்ட தாள். அதில் 40 என்று இருந்தால் வியாபாரி மறுத்துப் பேச இடமில்லை. வாங்கியவர் கோடவுனில் தானே எழுதிக்கொண்ட வரவுச் சீட்டைவிட இந்தத் தாளுக்கு எடை அதிகம்.

எல்.ஆரில் 45 என்றே இருந்தால் கதை வேறு. அப்போது சரக்கு வழியில்தான் குறைந்திருக்கிறது. டெலிவரி எடுக்கும்போதே பார்சல் ஆபீசில் குறைவு என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். கடிதமும் வேறு மாதிரி போக வேண்டும். ஒரே 60 கோன் வித்தியாசம், எல்.ஆரில் உள்ள ஒரு எண்ணைப் பொறுத்து, இரண்டு வேறு கடிதங்களாகிறது. அதனால் கடிதம் எழுத உட்காரும் முன் எல்.ஆரைத் தேடி எடுப்பதுதான் முதல் வேலை.

இனி வரி. தையல் நூலுக்கு 12 சதவீதம் வந்தது எங்கிருந்து? 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் பெரிய அளவில் மாறின. 12 சதவீத அடுக்கில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5 சதவீதத்துக்கு வந்தன. செயற்கை இழைத் தையல் நூல் அவற்றில் ஒன்று; எச்.எஸ்.என். 5508-ல் வரும் நூலுக்கு அன்றிலிருந்து 5 சதவீதம்தான். ஆனால் வியாபாரியின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு சரக்குக்கும் விகிதம் தனித்தனியாகப் பதிந்திருக்கும். நூற்றுக்கணக்கான நிறம், தடிமன் என்று விரியும் பட்டியலில் சில உருப்படிகள் மாற்றப்படாமல் விட்டுப்போகும். அந்த உருப்படிக்கு யார் பில் போட்டாலும் பழைய 12 சதவீதம் தானாக வந்து விழும். இதில் வியாபாரியின் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று கடிதத்தில் ஒரே வரி இருந்தால் போதும். அவர் பில்லை மட்டுமல்ல, மூலப் பதிவையும் திருத்திக்கொள்வார். அடுத்த பில்லும் சரியாக வரும்.

தொகை வித்தியாசத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது இங்கே மிகவும் உதவும். சரியான பில் 480 கோனுக்கு 43,200 ரூபாய், 5 சதவீத வரி 2,160, மொத்தம் 45,360. வந்த பில் 540 கோனுக்கு 48,600, 12 சதவீத வரி 5,832, மொத்தம் 54,432. கூடுதலாகக் கேட்டிருப்பது 9,072 ரூபாய். இதில் நூலின் விலை 5,400. வரி 3,672. அந்த வரியும் ஒரே தவறால் வந்ததல்ல. கூடுதல் 60 கோனுக்குப் போட்ட 12 சதவீதம் 648 ரூபாய். சரியான 480 கோனுக்கு 5-க்குப் பதில் 12 போட்டதால் வந்தது 3,024 ரூபாய்.

இப்படிப் பிரித்து வைத்திருந்தால், வியாபாரி பாதி திருத்தம் செய்து அனுப்பினால் உடனே கண்டுபிடிக்கலாம். திருத்திய பில் 48,384 என்று வந்தால் எண்ணிக்கையை மட்டும் சரிசெய்துவிட்டு வரியை விட்டுவிட்டார். 51,030 என்று வந்தால் வரியைச் சரிசெய்துவிட்டு எண்ணிக்கையை விட்டுவிட்டார். இரண்டு தவறுள்ள பில்களில் இது அடிக்கடி நடக்கிறது. படிப்பவர் முதலில் கண்ணில் பட்ட தவறைத் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார். கடிதத்தின் தலைப்பு வரியிலேயே எண்ணிக்கை, வரி என்று இரண்டையும் சொல்வது அதற்காகத்தான்.

மூன்றாவது வரிதான் அதிகம் சங்கடப்படுத்துவது: “பில்லை மாத்தித் தரச் சொல்லணும்.” ஒரு காலத்தில் பழைய பில்லைக் கிழித்துவிட்டு அதே எண்ணில் புதிதாக ஒன்று எழுதித் தருவது வியாபாரத்தில் சாதாரணம். அந்தப் பழக்கத்தில் இன்றும் கடிதங்களில் ‘ரிவைஸ்டு இன்வாய்ஸ்’ அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள். ஜிஎஸ்டி சட்டத்தில் அந்தப் பெயரில் ஓர் ஆவணம் உண்டுதான். ஆனால் அது புதிதாகப் பதிவு பெற்றவர், பதிவு நடைமுறைக்கு வந்த நாளுக்கும் சான்றிதழ் கைக்கு வந்த நாளுக்கும் இடையில் போட்ட பில்களுக்காக ஏற்பட்டது. எண்ணிக்கைத் தவறுக்கும் விகிதத் தவறுக்கும் அது பொருந்தாது.

வியாபாரி மனம்வைத்தாலும் பல நேரங்களில் பில்லை மாற்ற முடியாது. ஆண்டு வியாபாரம் 5 கோடி ரூபாயைத் தாண்டிய எல்லோரும் 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் பில் போட வேண்டும். பில்லின் விவரம் அரசின் தளத்துக்குப் போய், 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஐஆர்என் என்ற அடையாளமும் க்யூஆர் சதுரமும் பெற்றுத் திரும்புகிறது. அந்தப் பில்லை அந்தத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். முழுதாகத்தான் ரத்து செய்யலாம். ஒரு வரியை மட்டும் மாற்ற முடியாது. ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. இ-வே பில் உயிரோடு இருக்கும்போது ரத்துகூட நடக்காது. நம் கணக்கில் பில்லின் மொத்தம் 50,000-ஐத் தாண்டியிருப்பதால் அதற்கு இ-வே பில் நிச்சயம் போட்டிருப்பார்கள்.

சூரத்திலிருந்து லாரி திருப்பூர் வந்து சேர நாலைந்து நாள் ஆகிறது. பெட்டியை எண்ணிப் பார்த்துத் தவறு தெரியும்போது அந்த 24 மணி நேரம் எப்போதோ கடந்திருக்கும். தூரத்து வியாபாரியின் மின் பில்லைப் பொறுத்தவரை “மாத்தித் தாங்க” என்பது நடக்காத கோரிக்கை. அவர் முடியாது என்று பதில் எழுதுவார், அல்லது பதிலே எழுத மாட்டார். இன்னும் மோசமாக, பழையதை ரத்து செய்யாமலே புது எண்ணில் இன்னொரு பில் போட்டு அனுப்புவார். அப்போது வாங்கியவரின் ஜிஎஸ்டி கணக்கில் ஒரே சரக்குக்கு இரண்டு பில் நிற்கும்.

கேட்க வேண்டியது கிரெடிட் நோட். பில்லில் மதிப்போ வரியோ கூடுதலாகப் போயிருந்தால் விற்றவர் கிரெடிட் நோட் தரலாம் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்கிறது. இது வரை பலருக்கும் தெரியும். எவ்வளவுக்குக் கேட்பது என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது.

வித்தியாசத்துக்கு மட்டும், அதாவது 5,400 ரூபாயும் வரி 3,672-உம் என்று கேட்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் மின் பில் தளம் வரியைத் தானும் பெருக்கிச் சரிபார்க்கிறது. 5,400-க்கு 12 சதவீதம் 648. 3,672 என்று கொடுத்தால் அது ஏற்காது. எண்ணிக்கைத் தவறை மட்டும் வித்தியாசக் கிரெடிட் நோட்டில் அடக்கலாம், ஏனென்றால் அங்கே மதிப்பும் வரியும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. விகிதமே தவறாக இருந்தால் மதிப்பு குறையாமல் வரி மட்டும் குறைய வேண்டியிருக்கிறது. அதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. ஆகவே விவரம் தெரிந்த கணக்கர்கள் எடுக்கும் வழி நேரானது: பழைய பில் முழுவதற்கும் 12 சதவீதத்திலேயே கிரெடிட் நோட், சரியான எண்ணிக்கைக்கு 5 சதவீதத்தில் புது பில். இரண்டு ஆவணம். இரண்டிலும் பெருக்கல் சரியாக வரும், இரண்டு தவறும் ஒருசேரத் தீரும்.

வியாபாரி சிறியவர், பில்லில் க்யூஆர் சதுரம் இல்லை, அந்த மாதத்துக் கணக்கை இன்னும் தாக்கல் செய்யவில்லை என்றால் அவர் பழைய பில்லைத் தன் கணக்கில் ரத்து செய்துவிட்டுப் புது எண்ணில் போட்டுத் தரலாம். அப்படிப்பட்டவருக்கு எழுதும்போது இரண்டு வழியையும் சொல்லி, அவருக்குத் தோதானதைச் செய்யச் சொல்லலாம்.

இவ்வளவும் தீர்மானமான பிறகு தமிழ்க் குறிப்பைத் திரும்ப எழுத வேண்டும். ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன் தமிழிலேயே இது இப்படி மாறியிருக்கும்: “ஆர்டர் 40 பெட்டி, வந்தது 40, எல்.ஆரிலும் 40. பில்லில் 45. சரக்கு எதுவும் குறையவில்லை. வரி 12 போட்டிருக்கிறது; 22.09.2025 முதல் 5. சரியான மொத்தம் 45,360. முழு பில்லுக்கும் கிரெடிட் நோட்டும் புது பில்லும் இந்த மாதத் தேதியிலேயே வேண்டும்.” யார், எது, எவ்வளவு, எப்போது என்று எல்லாம் இதில் இருக்கின்றன. இனி ஆங்கிலம் சுலபம்.

```
Subject: Invoice 1187 dated 12.11.2025 - quantity and IGST to be corrected

We ordered 40 boxes (480 cones) and received 40 boxes.
The LR also shows 40. The invoice shows 45 boxes (540 cones).
No goods are missing. Please do not send more.
IGST is charged at 12%. For HSN 5508 it is 5% from 22.09.2025.

            Invoice    Correct
Taxable     48,600     43,200
IGST         5,832      2,160
Total       54,432     45,360

Please issue a credit note for the full invoice and a fresh
invoice for Rs. 45,360, both dated on or before 30.11.2025.
We have not taken ITC on this invoice. We will accept your
credit note in IMS. PO, LR and goods receipt are attached.
```

இதில் உள்ள வாக்கியங்கள் எல்லாம் குட்டை. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. தமிழில் “வரி 12 போட்டிருக்காங்க” என்று எழுதியிருந்ததை ஆங்கிலத்தில் பில் இப்படிக் காட்டுகிறது என்று மாற்றியிருக்கிறது. இது மரியாதைக்காக மட்டுமல்ல. கடிதத்தைப் படிப்பவர் பில் போட்டவராக இருக்கமாட்டார். நீங்கள் செய்தீர்கள் என்றால், நான் இல்லை என்று விளக்கம் எழுதத் தொடங்குவார். பில் காட்டுகிறது என்றால் பில்லை எடுத்துப் பார்ப்பார்.

கடிதத்தின் முடிவில் ‘டூ த நீட்ஃபுல்’ என்று எழுதும் பழக்கம் நம் அலுவலகங்களில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. ஆவன செய்யுங்கள் என்ற பழைய தமிழ் வழக்கம் அதற்குள் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் அது இருக்கவே கூடாது. என்ன ஆவணம், எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதிக்குள் என்று சொல்லும் வாக்கியம்தான் கடிதத்தின் உயிர். அந்த இடத்தில் பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டால், என்ன செய்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு மறுபடியும் சூரத் கணக்கர் மேல் விழுகிறது.

30.11.2025 என்ற தேதிக்கும் காரணம் உண்டு. நவம்பர் மாத விற்பனைக் கணக்கை வியாபாரி டிசம்பர் 11-க்குள் தாக்கல் செய்வார். டிசம்பர் 14 அன்று வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியல் உருவாகும். பழைய பில், கிரெடிட் நோட், புது பில் மூன்றும் நவம்பர் தேதியில் இருந்தால் மூன்றும் ஒரே பட்டியலில் வந்து ஒன்றையொன்று சரிக்கட்டும். கிரெடிட் நோட் டிசம்பர் தேதியில் வந்தால், நவம்பரில் 5,832 ரூபாய் வரிக் கடன் தனியாக நிற்கும். அதை எடுக்காமல் தள்ளி வைக்க வேண்டும், அடுத்த மாதம் நினைவாகப் பார்க்க வேண்டும். முடியாத காரியமல்ல, ஆனால் தவறு நுழையும் வழி அது.

கடிதத்தில் கடைசிக்கு முந்தைய செய்தி, வரிக் கடன் எடுக்கவில்லை, கிரெடிட் நோட்டை ஏற்போம் என்பது. இதைப் பலர் எழுதுவதில்லை. 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வாங்கியவர் அந்தப் பில்லுக்கு வரிக் கடன் எடுத்திருந்தால் அதைத் திருப்பினால்தான் விற்றவரின் வரிப் பொறுப்பு குறையும். 5,832 ரூபாய் வரியைக் குறைத்துக்கொள்ள சூரத் வியாபாரி திருப்பூர் கணக்கரை நம்பியிருக்கிறார். அதற்கான உறுதி முதலிலேயே எழுத்தில் கிடைத்தால் கிரெடிட் நோட் வேகமாக வரும். இந்தக் கடிதத்தில் வியாபாரிக்கு ஆதாயமான செய்தி இது ஒன்றுதான். அதை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

ஆவணங்கள் வந்த பின் ஜிஎஸ்டி தளத்தில் ஐஎம்எஸ் பக்கத்தைத் திறந்தால், பழைய பில், கிரெடிட் நோட், புது பில் மூன்றும் ஏற்பதற்கோ மறுப்பதற்கோ காத்திருக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய பில் தவறு என்பதால் அதை மறுத்துவிட்டு, கிரெடிட் நோட்டையும் புது பில்லையும் ஏற்கத் தோன்றும். அப்படிச் செய்தால் 5,832 கூட்டப்படாது, ஆனால் கழிக்கப்படும். மீதி மைனஸ் 3,672. மூன்றையும் ஏற்றால் 5,832 கூடி, 5,832 கழிந்து, 2,160 நிற்கும். சரியான வரிக் கடன் அதுதான். தவறான பில் என்று தெரிந்தே ஏற்பது மனதுக்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். கிரெடிட் நோட் வந்துவிட்ட பிறகு அதுதான் முறை.

இன்னொரு கேள்வி எல்லா யூனிட்டிலும் எழுகிறது. பில் திருத்தி வரும் வரை பணத்தை நிறுத்திவைக்கலாமா? சூரத் வியாபாரி வாங்கி விற்பவர் மட்டுமல்லாமல், நூலைத் தானே தயாரிக்கும் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றவராக இருந்தால் 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் உள்ளே வருகிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் போக வேண்டும். அந்த நாள் எண்ணிக்கை சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து தொடங்குகிறது. சரக்கு வந்து 15 நாளுக்குள் வாங்கியவர் ஏற்பு குறித்து எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், அந்த ஆட்சேபத்தை விற்றவர் தீர்த்துவைத்த நாளே ஏற்பு நாள் ஆகிறது. நம் கணக்கில் அந்த 15 நாள் 2.12.2025 அன்று முடிகிறது. தொலைபேசியில் எத்தனை முறை பேசியிருந்தாலும் அது ஆட்சேபம் ஆகாது, எழுத்து வேண்டும்.

ஆனால் இதை நம்பி முழுப் பணத்தையும் நிறுத்துவது சரியாகாது. சட்டம் பேசுவது சரக்கின் ஏற்பைப் பற்றி. நூலில் குறை இல்லை, 480 கோனும் தையல் மிஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. வரி விகிதத் தவறைச் சரக்கின் மீதான ஆட்சேபம் என்று வாதாடி ஜெயிப்பது கடினம். தாமதத்துக்கு வட்டி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தகராறில்லாத 45,360 ரூபாயைக் கெடு நாளில் அனுப்பிவிட்டு, எந்தப் பில்லுக்கு எவ்வளவு என்று குறிப்பிடுவதே நியாயம். மீதி 9,072 ரூபாயை வியாபாரி கேட்டுக்கொண்டு வரும்போது கிரெடிட் நோட்டின் நினைவும் அவருக்குத் தானாக வரும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து அதே மின்னஞ்சலின் மேல், அதே தலைப்பில், ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். புதுக் கடிதமாக எழுதினால் முதல் கடிதத்தின் தேதி பின்னால் போய்விடும், இணைப்புகளும் பிரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் நினைவூட்டலாம், ஆனால் தொகையும் கோரிக்கையும் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். சூரத்தில் கணக்குப் பார்ப்பவர் மாறினாலும் அடுத்து வருபவர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் படித்துவிடுவார்.

2025–26 நிதியாண்டில் விற்ற சரக்குக்கான கிரெடிட் நோட்டை வியாபாரி தன் ஜிஎஸ்டி கணக்கில் 30.11.2026-க்குள், அல்லது அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அன்றைக்குள், காட்டியாக வேண்டும். அதன் பிறகு அந்த 3,672 ரூபாய் வரியை அவரால் குறைத்துக்கொள்ள முடியாது.